டிசம்பர்ல ரெண்டு நாள் கடையடைச்சு ஸ்டோக் எண்ணுறதை நிறுத்துங்க

சுங்கை சிப்புட்டில் எஸ்டேட்டுகளுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் ஸ்டோர் கிராணியாக இருக்கிறேன். புல் மருந்து, செம்பனை அறுக்கும் அரிவாள், பூட்ஸ், டிராக்டர் பாகங்கள், போல்ட் நட்டு என்று 640 வகைச் சரக்கு. போன வருஷம் வரைக்கும் டிசம்பரில் ரெண்டு நாள் கடையை அடைத்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி எண்ணினோம். எட்டு காசு போல்ட்டை ரெண்டு பையன்கள் மத்தியானம் வரைக்கும் எண்ணியிருக்கிறார்கள்.

அதே எண்ணிக்கையில் 20 லிட்டர் கிளைபோசேட் கேன் 11 குறைந்தது. கேன் 280 வெள்ளி, ஆக 3,080 வெள்ளி. எந்த மாதம் போனது, யார் எடுத்தார்கள் என்று ஒரு வருஷத்து பில்லைப் புரட்டியும் பிடிபடவில்லை. கடைசியில் நஷ்டத்தில் எழுதினோம். அந்தப் போல்ட் மொத்தத்தையும் யாராவது தூக்கிப் போயிருந்தாலும் நூறு வெள்ளிதான் போயிருக்கும்.

அதற்குப் பிறகுதான் சரக்கை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தேன். 1951-லேயே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஃபோர்ட் டிக்கி எழுதிவைத்த முறை இது. ஆனால் முதல் தடவை நானே தப்பாகப் பிரித்தேன். விலை அதிகமானதை மேலே வைத்தேன். 2,400 வெள்ளி ஜெனரேட்டர் உச்சியில் நின்றது, 38 வெள்ளி அரிவாள் எங்கேயோ கீழே போய்விட்டது.

பார்க்க வேண்டியது தனி விலையை அல்ல, ஒரு வருஷத்தில் எத்தனை போகிறதோ அதை வாங்கின விலையால் பெருக்கி வரும் தொகையை. ஜெனரேட்டர் வருஷத்துக்கு ஒன்று போகும், 2,400-தான். அரிவாள் 900 போகும், 34,200. கிளைபோசேட் 300 கேன், 84,000. இந்தத் தொகைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். எங்கள் கடையில் முதல் 70 வகையிலேயே மொத்தப் பணத்தில் நூற்றுக்கு 80 பங்கு வந்துவிட்டது. அது ஏ. அடுத்த 150 வகை, 15 பங்கு, பி. மிச்சம் 420 வகையும் சேர்ந்து வெறும் 5 பங்கு, சி. இந்தக் கோடு எல்லாக் கடைக்கும் இதே இடத்தில் விழாது, உங்கள் பட்டியலில் தொகை எங்கே சட்டென்று சரிகிறதோ அங்கே போடுங்கள்.

ஏ மாதம் ஒரு தடவை, பி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சி வருஷத்துக்கு ஒரு தடவை. கூட்டினால் வருஷத்துக்கு 1,860 எண்ணிக்கை. 300 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு ஆறு வகை. காலையில் கதவு திறக்கும் முன்னே, சரக்கு அசையாத நேரத்தில், அரை மணியில் முடிகிறது. எண்ணுகிற பையனிடம் கணக்குப் புத்தகத்து எண்ணைக் காட்டமாட்டேன். காட்டினால் கண் அந்த எண்ணையே தேடும். போல்ட்டை இப்போது எண்ணுவதில்லை, ஐம்பதை எடைபோட்டு ஒன்றின் எடையைக் கண்டுபிடித்து, மொத்த எடையை அதால் வகுத்துவிடுகிறோம். நூற்றுக்கு ஐந்து முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடுவேன். கிளைபோசேட்டில் ஒரு கேன் இடித்தாலும் விடமாட்டேன்.

மார்ச்சில் புத்தகத்தில் 46 கேன், தரையில் 43. முந்தின எண்ணிக்கை சரியாக இருந்ததால் 26 நாள் காகிதத்தை மட்டும் பார்த்தால் போதும். பத்தரை மணிக்குள் கிடைத்தது: எஸ்டேட் லோரி ஒன்று டெலிவரி சீட்டில் மூன்று கேன் ஏற்றிப் போயிருக்கிறது, பில் போடவே இல்லை. டிரைவர் அண்ணனின் கையெழுத்து அதில் இருந்தது. போன் போட்டதும், "ஆமா தம்பி, நான்தான் எடுத்தேன்" என்றார். 840 வெள்ளி அந்த வாரமே வந்துவிட்டது.

இந்தக் கணக்குக்குத் தெரியாத சங்கதிகளும் உண்டு. ஸ்பிரே பம்ப்புக்கு ஒரு ரப்பர் வளையம், 2 வெள்ளி, கணக்குப்படி சி. அது இல்லாவிட்டால் எஸ்டேட்டில் மருந்தடிப்பு நின்றுவிடும், அதனால் கையால் பி-க்கு ஏற்றிவிட்டேன். ஜெனரேட்டர் பி-தான், ஆனால் தூக்கிப்போக ஆசை வரும் பொருள். தினமும் சாத்தும்போது கண்ணால் பார்த்துவிடுவோம். பழைய டிராக்டர் கியர் பாகங்கள் 3,200 வெள்ளிக்கு அலமாரியில் தூங்குகின்றன, ஒன்றும் விற்காததால் சி-யில் விழுந்தன. அந்த மாதிரிச் சரக்கை, அலமாரியில் கிடக்கிற பணத்தை வைத்துத் தனியாகப் பட்டியல் போடுங்கள்.

பட்டியலை வருஷத்துக்கு ஒரு தடவையாவது புதிதாகப் போடவும் வேண்டும். 2020-இல் பாராகுவாட் தடையானபோது ஒரே நாளில் ஒரு பொருள் பட்டியலை விட்டே போனது, அதன் இடத்தை வேறு மருந்துகள் பிடித்தன.

ஒன்று மட்டும்: டிசம்பர் எண்ணிக்கையை விடும் முன் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். எங்களுடையவர் மாதாமாதம் கையெழுத்துப் போட்ட எண்ணிக்கைத் தாள்களைப் பார்த்துவிட்டு, ஏ வகையில் பத்தை மட்டும் தானே எண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார்.