120 வாட்டாம், யாரை ஏமாற்றுகிறார்கள்?

கார் சார்ஜர் அட்டையில் கொட்டை எழுத்தில் வாட் கணக்கு போடுகிறவர்கள் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. காரைக்குடியில் கிளம்பும்போதே என் போன், வீட்டுக்காரம்மா போன், பிள்ளைகளின் டேப் மூன்றையும் சார்ஜரில் போட்டாச்சு. நத்தம் தாண்டுவதற்குள் டேப் அணைந்து பின்சீட்டில் ஒரே அழுகை, கொடைக்கானலுக்கு வழி காட்ட வேண்டிய போனும் ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே வருகிறது.

கடையில் கேட்டால், "அண்ணே, 120 வாட்ண்ணே, லேப்டாப்பே ஏறும்" என்கிறார். அந்த 120 எங்கிருந்து வந்தது தெரியுமா? 12 வோல்ட்டை 10 ஆம்பால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு சாக்கெட்டை மூன்றாகப் பிரித்துத் தருகிற சார்ஜர் அது. அந்தச் சாக்கெட்டுகள் மூன்றும் சேர்ந்து தாங்குகிற அளவுதான் 120. பக்கத்தில் இருக்கிற யுஎஸ்பி போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது! யுஎஸ்பி கணக்கு பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது: 5 வோல்ட், மொத்தம் 3.1 ஆம்ப். பெருக்கிப் பாருங்கள், பதினைந்தரை வாட். மூன்று பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 5 வாட். வெயிலில் முழு வெளிச்சத்தில் மேப் ஓடுகிற போனுக்கு அது எந்த மூலைக்கு?

சரி, பிரிப்பான் வேண்டாம், நேராகச் சொருகுகிற வேக சார்ஜர் எடுக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் இதே பித்தலாட்டம். அட்டையில் 48 வாட். சி போர்ட்டில் மட்டும் ஒன்றைச் சொருகினால் 30, ஏ போர்ட்டில் மட்டும் சொருகினால் 18, இரண்டையும் கூட்டி 48 என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் ஒன்றாகச் சொருகினால்? 5 வோல்ட், 3 ஆம்ப், இரண்டுக்கும் சேர்த்தே 15 வாட்! போன் திரையில் வேக சார்ஜிங் என்று காட்டிக்கொண்டிருந்தது, அடுத்ததைச் சொருகியதும் சாதா சார்ஜிங் என்று மாறினால் இந்தக் கதைதான் நடக்கிறது.

எங்களைப் போல இரண்டு போன், ஒரு டேப் என்றால் டேப்புக்கு 30, போனுக்கு இருபது இருபது, ஆக 70 வாட் வேண்டும், அதுவும் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும்போது. காரால் இது முடியாதா என்றால் தாராளமாக முடியும், சூட்டில் வீணாவதையும் சேர்த்து ஆறேழு ஆம்ப்தான் இழுக்கும், பெரும்பாலான கார்களில் அந்தச் சாக்கெட்டுக்கு 10 அல்லது 15 ஆம்ப் ஃபியூஸ் இருக்கிறது. குறை காரில் இல்லை, அட்டையில். எல்லாப் போர்ட்டும் சேர்ந்து ஓடும்போது எதற்கு எவ்வளவு என்ற ஒரு வரி வேண்டும், அது இருந்தால்தான் இனி காசை எடுப்பேன். அந்த வரியைத்தான் முன்பக்கம் பெரிதாகப் போடணும், பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற இடத்தில் ஏன்யா ஒளித்து வைக்கிறீர்கள்?