அறிமுகம் செய்பவர் நேரம் குறிக்க வேண்டாம். முதலில் யார் எழுதுவது என்று மட்டும் சொல்லட்டும்

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க” என்று முடியும் அறிமுக மின்னஞ்சல் பல நேரம் அந்த வரியோடு நின்றுபோகிறது. இருவருக்கும் விருப்பம் இருக்கும். ஆனால் இவர் “அவர் பெரிய ஆள், அவரே எழுதட்டும்” என்று காத்திருப்பார். அவர் “தேவை இவருக்குத்தானே, இவர் எழுதட்டும்” என்று காத்திருப்பார். ஒரு வாரம் போனால் எழுதக் கூச்சம் வந்துவிடும். ஒரு மாதம் போனால் எதற்கு அறிமுகம் என்பதே மறந்துவிடும்.

இதற்குப் பயந்து சிலர் எதிர்த்திசையில் போகிறார்கள். தாங்களே நாளும் நேரமும் குறித்து, மூன்று பேருக்கும் காலண்டர் அழைப்பு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. நேரம் குறிப்பது அந்த இருவரின் வேலை. அறிமுகம் செய்பவர் சொல்ல வேண்டியது, யார் முதலில் எழுத வேண்டும் என்பதுதான்.

நம் ஊர்ப் பக்கமே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் மேலாளர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பச்சைக் காபிக்கொட்டை வாங்கும் நிறுவனத்தில் தரம் பார்க்கும் ஒரு தமிழர். களத்தில் காயும் கொட்டை ஒரே சீராகக் காயவில்லை, மாதிரி அனுப்புவதற்கு முன் எதைச் சரிசெய்வது என்று மேலாளருக்குக் கேட்க வேண்டும். இருவரையும் உங்களுக்குத் தெரியும்.

முதல் படி அனுமதி. உதவி கேட்பவரிடம் நாலைந்து வரி எழுதி வாங்குங்கள்: தான் யார், என்ன சிக்கல், எவ்வளவு நேரம் வேண்டும். அதை அப்படியே ஹாம்பர்க்காரருக்கு மட்டும் தனியாக அனுப்பி, “இவரோடு பேச முடியுமா? இப்போது முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கேளுங்கள். அவர் மறுத்தால் உங்களிடம் மட்டும் மறுப்பார், யாருக்கும் சங்கடமில்லை. இருவரையும் சேர்த்துப் போட்ட மின்னஞ்சலில் முதல்முறையாகக் கேட்டால் அவரால் மறுக்கவே முடியாது. வாய் திறக்காமல் ஒதுங்கிவிடுவார். பதிலே வராத அறிமுகங்கள் பலவற்றின் பின்னால் இந்த ஒதுங்கல்தான் இருக்கிறது.

அவர் சரி என்ற பிறகு அறிமுக மின்னஞ்சல். பொருள் வரியில் வெறும் “அறிமுகம்” என்று போட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது. “அறிமுகம்: ஏற்காடு காபி எஸ்டேட் – ஹாம்பர்க் தர ஆய்வு” என்று இரு பக்கமும் தெரியும்படி போடுங்கள். உள்ளே இவ்வளவு போதும்:

“இருவருக்கும் வணக்கம். தனித்தனியே சம்மதம் சொன்னதற்கு நன்றி.

சார், இவர் ஹாம்பர்க்கில் பச்சைக் காபிக்கொட்டையின் தரம் பார்ப்பவர். ஈரப்பதம், சேமிப்பு பற்றிய கேள்விகளுக்கு இவரே சரியான ஆள்.

தம்பி, இவர் ஏற்காட்டில் அரபிகா எஸ்டேட் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். பறிப்பு தொடங்கிவிட்டது. களத்தில் கொட்டை ஒரே சீராகக் காயவில்லை. அதைப் பற்றி 20 நிமிடம் பேச விரும்புகிறார்.

சார், நீங்களே முதலில் எழுதுங்கள். உங்களுக்கு ஒத்துவரும் மூன்று நேரங்களைச் சொன்னால் தம்பி ஒன்றைத் தேர்ந்துகொள்வார். நான் இத்துடன் விலகிக்கொள்கிறேன். அடுத்த பதிலில் என்னை பிசிசிக்கு மாற்றிவிடுங்கள்.”

இதில் உயிர்நாடி கடைசிப் பத்திதான். பொதுவாக யாருக்குத் தேவையோ அவர் முதலில் எழுதுவதே முறை. “யாராவது ஒருவர்” என்று எழுதினால் அது யாருமில்லை என்றே பொருள்.

நேரத்தை நீங்கள் குறிக்கக் கூடாது என்பதற்கும் இதே உதாரணம் போதும். சேலத்தில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு மாலை 6 மணி நல்ல நேரமாகப் படும். வேலை முடிந்திருக்கும், ஜெர்மனியிலும் பகல்தான். ஆனால் பறிப்புக் காலத்தில் எஸ்டேட்டின் நெருக்கடியே மாலையில்தான். ஆட்கள் மூட்டையோடு எடை போட வந்து நிற்பார்கள். அன்று பறித்த பழத்தை அன்றே தோலுரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் போட வேண்டும், தள்ளிப்போட்டால் பழம் புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே அவருக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகாக இருக்கலாம். இது அவருக்குத்தான் தெரியும்.

அவர் எழுதும் முதல் பதில் இப்படி இருந்தால் வேலை முடிந்தது: “செவ்வாய் நவம்பர் 11, வியாழன் நவம்பர் 13, வெள்ளி நவம்பர் 14. மூன்று நாளும் இந்திய நேரம் பிற்பகல் 1.30, உங்களுக்குக் காலை 9.00. எது வசதியோ சொல்லுங்கள், நானே அழைக்கிறேன். இங்கே செல்பேசி சிக்னல் விட்டுவிட்டு வரும், எனவே ஆபீஸ் வைஃபையில் வாட்ஸ்அப் அழைப்பு.” கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கின்றன, “அடுத்த செவ்வாய்” என்ற குழப்பம் இல்லை. யார் யாரை அழைப்பது, எதன் வழியாக என்பதும் முடிந்துவிட்டது. “உங்களுக்கு எப்போது வசதி?” என்று கேட்டிருந்தால் நாலு மின்னஞ்சல் போய் வந்திருக்கும்.

நேரக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜெர்மனியில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், அதன் பிறகு நாலரை. அக்டோபர் நடுவில் கணக்குப் போட்டு நவம்பருக்கு நேரம் சொன்னால் ஒருவர் ஒரு மணி நேரம் காத்துக் கிடப்பார். இரு ஊர் நேரத்தையும் எழுதிவிட்டால் தவறு இருந்தாலும் எதிர்ப்பக்கம் பிடித்துவிடும்.

முதல் பதிலாக நேரம் பதிவுசெய்யும் இணைப்பை மட்டும் அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. உதவி கேட்கிறவர், உதவி செய்கிறவரைத் தன் அட்டவணையில் இடம் தேடச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. மூன்று நேரம் எழுதிவிட்டு, இவை ஒத்துவராவிட்டால் என்று கீழே இணைப்பைத் தரலாம்.

பிசிசி ஏன்? அப்படி மாற்றினால் அந்த ஒரு பதில் மட்டும் உங்களுக்கு வரும், தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்று தெரியும். அதன் பிறகு அவர்கள் ‘அனைவருக்கும் பதில்’ அழுத்தினாலும் உங்களுக்கு வராது. சிசியில் நீடித்தால் அவர்களின் ஒவ்வொரு “சரி”யும் உங்களுக்கு வந்து விழும். அதைவிட முக்கியம், மூன்றாமவர் பார்க்கும்போது விலை பற்றியும் குறைகள் பற்றியும் மனம்விட்டுப் பேச வராது. அழைப்பில் நீங்கள் உட்காரக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

மூன்று பேர் வாட்ஸ்அப் குழு தொடங்குவதை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். கேட்காமலே இருவரின் எண்ணையும் கொடுத்ததாகிவிடும். குழுவைவிட்டு முதலில் வெளியேறவும் யாருக்கும் மனம் வராது.

ஐந்து வேலை நாள் கழித்தும் உங்களுக்கு எதுவும் வரவில்லையென்றால், முதலில் எழுத வேண்டியவருக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்: “தம்பிக்கு எழுதினீர்களா சார்?” இருவருக்கும் சேர்த்து எழுதினால், காத்திருந்தவர் முன்னால் இவரைக் குற்றம் சொன்னதுபோல் ஆகும். அதற்கும் பதில் இல்லையென்றால் அவரைத் துரத்த வேண்டாம். தம்பியிடம் “பறிப்பு வேலையில் இருக்கிறார், இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம்” என்று சொல்லி விடுவித்துவிடுங்கள். பறிப்பு ஓய்ந்த பிறகு மேலாளரே மறுபடி கேட்டால், தம்பியின் சம்மதத்தைப் புதிதாக வாங்கிக்கொண்டு, புதிய மின்னஞ்சலாக எழுதுங்கள்.