ஃபேன் சத்தம் போட்டால் உடனே பேஸ்ட்தானா?

"கன்சோல் ரொம்ப சத்தம் போடுது" என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், "திறந்து பேஸ்ட் மாத்துங்க" என்று பத்துப் பேர் பாய்ந்து வருகிறார்கள். சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுத் தொகுதிக்குக் கடத்தும் பசையைத்தான் சொல்கிறார்கள். எந்த மாடல், எப்போது சத்தம் வருகிறது, கடைசியாக எப்போது தூசி தட்டினீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. கன்சோல் செத்துப்போனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவரையும் காணோம்.

தெரிந்த பையன் ஒருவன் இப்படித்தான் மாட்டிக்கொண்டான். 2013-ல் வந்த முதல் பிஎஸ்4, அந்தத் தடியான மாடல். பெரிய கேம் போட்டால் ஃபேன் அலறும், மெனுவுக்கு வந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் ஃபேன் திணறுகிறது, அவ்வளவுதான். முதலில் சந்தேகப்பட வேண்டியது தூசியை. ஆனால் அறிவுரை கேட்டு போர்டு வரைக்கும் கழற்றி, பேஸ்ட் மாற்றி, அதோடு நிற்காமல் மெமரி சிப்புகளின் மேலிருந்த, சூடு கடத்தும் மெத்தென்ற பட்டைகளான தெர்மல் பேடுகளையும் மாற்றிவிட்டான். இப்போது கேம் ஆரம்பித்ததுமே சூடு அதிகம் என்று எச்சரித்துவிட்டு அணைந்துவிடுகிறது.

பிரித்துப் பார்த்தால் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சிப்பின் மேல் வைத்த பேஸ்ட் வைத்த மாதிரியே குவியலாக இருந்தது. ஹீட்சிங்க் சரியாக அழுத்தியிருந்தால் அது நசுங்கி மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். பழைய பேடின் தடிமனைப் பார்க்காமல் கைக்குக் கிடைத்த தடித்த பேடை ஒட்டியதால், அது முட்டுக்கொடுத்து உலோகத்தைச் சிப்பில் படவிடாமல் தூக்கி நிறுத்திவிட்டது. இதைவிட வயிற்றெரிச்சல், ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. அதை யாரும் தொடவே இல்லை!

அந்த மாடலில் தகடுகளை எட்டுவதற்குப் போர்டைக் கழற்றவே வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பின்பக்க ஸ்டிக்கர்களுக்கு அடியில் டி8 செக்யூரிட்டி ஸ்க்ரூக்கள் இருக்கும். நடுவில் துளை உள்ள பிட்தான் அதற்குப் பொருந்தும். சாதாரண பிட்டை வைத்து முறுக்கினால் ஸ்க்ரூ தலை மழுங்கி, அதோடு வேலை நின்றுவிடும். அடிமூடியை எடுத்து, பவர் சப்ளையை நேராக மேலே தூக்கினால் (சாய்த்து இழுத்தால் அடியிலிருக்கும் பின்கள் வளையும்) ஃபேனும் தகடுகளும் தெரியும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைக் கிளறிவிட்டு ஏர் கேனால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

இதைச் செய்த பிறகும் கனமான கேமில் அதே அலறலோ சூட்டு எச்சரிக்கையோ தொடர்ந்தால், கன்சோலும் பல வருடம் ஓடி வாரண்டி முடிந்திருந்தால், அப்போது பேஸ்ட்டைப் பற்றி யோசிக்கலாம். சரி, மாற்றுவதென்றே முடிவு செய்தால் பழையதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடையுங்கள். பேடுகள் கிழியாமல் இருந்தால் அவற்றை அப்படியே விடுங்கள். டிஸ்க் டிரைவின் ரிப்பன் கேபிளை இழுக்கும் முன் அதன் பூட்டைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் சாக்கெட்டோடு பிய்ந்து வரும். அந்த நுணுக்கத்துக்குக் கை வராது என்று தோன்றினால் தூசியோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

அப்புறம் பேஸ்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சத்தங்கள். படத்தின் வேகம் மாறும்போது கூடவே மாறும் மெல்லிய 'கீய்ங்' ஒலி மின்சுருளிலிருந்து வருவது. பேஸ்ட் அதற்கு ஒன்றும் செய்யாது. ஆன் செய்ததும், சூடேறும் முன்பே 'கடகட' என்றால் ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு ஃபேனை மாற்றினால் போதும். டிஸ்க் உள்ளே போனதும் எழும் இரைச்சல் டிரைவின் சுழற்சி, அவ்வளவே.

இத்தனைக்குப் பிறகும் "பிஎஸ்5-க்கும் பேஸ்ட் மாத்திடுங்க" என்று ஒருவர் வருவார் பாருங்கள், அங்கேதான் என் பொறுமை முழுசாகப் போய்விடும். அதன் சிப்பின் மேல் இருப்பது பேஸ்ட்டே இல்லை, லிக்விட் மெட்டல். மின்சாரம் கடத்தும் திரவ உலோகம்! சுற்றியிருக்கும் நுரை வேலிதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. ஹீட்சிங்கைத் தூக்கினால் அந்த அடைப்பு போச்சு. ஒரு துளி பக்கத்திலுள்ள சின்ன பாகங்களில் பட்டால் ஷார்ட் ஆகி, கன்சோலே போய்விடும். வெறும் சத்தத்துக்காக இந்த ஆபத்து எதற்கு? பக்கத் தகட்டைக் கழற்ற ஸ்க்ரூ கூட வேண்டாம், கையாலேயே வந்துவிடும். உள்ளே தூசி சேர்வதற்கென்றே இரண்டு துளைகள் வைத்திருக்கிறார்கள். வாக்குவம் கிளீனரை அங்கே வைத்து உறிஞ்சிவிட்டு மூடுங்கள்.