டெஸ்டிங்கில் பார்த்துக்கொள்ள முடியாத சில

ஒரு மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைக்கும் ஸ்கோப் ஆவணம் பற்றி ஒருவர் சொன்னது: “ஸ்கோப்பில் அம்சங்களை மட்டும் எழுதினால் போதும், வேகம், பாதுகாப்பு எல்லாம் டெஸ்டிங்கில் பார்த்துக்கலாம்.”

பாதிதான் சரி. மெதுவான தேடலை டேட்டாபேஸில் இண்டெக்ஸ் போட்டுப் பிறகு சரிசெய்யலாம், பல நேரம் அது அரைநாள் வேலைதான். ஆனால் டெஸ்டர் எதை வைத்து ஃபெயில் போடுவார்? ‘தேடல் வசதி’ என்று மட்டும் எழுதியிருந்தால் 8 விநாடி எடுத்தாலும் பாஸ்தான். ‘10 லட்சம் பதிவுகள் இருக்க, 200 பேர் ஒரே நேரத்தில் தேடும்போது, 100 தேடலில் குறைந்தது 95 தேடல் 2 விநாடிக்குள் முடிய வேண்டும்’ என்று இருந்தால்தான் அளக்கவே முடியும். அப்புறம், சராசரியை எழுதாதீர்கள். 90 தேடல் அரை விநாடியிலும் 10 தேடல் 12 விநாடியிலும் முடிந்தால் சராசரி 1.65 விநாடிதான், அறிக்கையில் அழகாக இருக்கும், அந்தப் பத்துப் பேர் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

பாதுகாப்பு அப்படியல்ல. சம்பளத் தொகையை யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற பதிவு வேண்டும் என்று முதலிலேயே சொல்லாவிட்டால், பழைய மதிப்பின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்டால் அந்த வசதியைச் சேர்க்கலாம், போன ஆறு மாத விவரம் திரும்ப வராது. பேக்கப்பில் தேடினால் அன்றைய தொகை கிடைக்கும், மாற்றியவர் பெயர் கிடைக்காது.

பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பட்டன் நிறத்தை ஸ்கோப்பில் எழுதலாமா என்றால், அது வடிவமைப்பு. அதற்குப் பதிலாக, புதிதாக வந்தவர் யார் உதவியும் இல்லாமல் விடுப்பு விண்ணப்பத்தை 3 நிமிடத்தில் முடிக்கிறாரா என்பதுபோல எழுதுங்கள். அந்த 3 ஐ யார் முடிவு செய்வது என்பதில் எங்கள் டீமிலேயே இன்னும் சண்டைதான்.