டிஸ்க் வாய் இல்லாத பிஎஸ்5 வேண்டாம் என்றேன்

அக்காவின் மகனுக்கு 14 வயது. போன மாதம் உவர்மலையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே மறித்துவிட்டான். “மாமா, பிஎஸ்5 டிஜிட்டல் எடுத்தா விலை குறைவு. அம்மாட்ட சொல்லுங்கோ.”

குறைவுதான். ஆனாலும் வேண்டாம் என்றேன். அதில் டிஸ்க் போட வாய் இல்லாததால் கேமெல்லாம் பிளேஸ்டேஷன் ஸ்டோர் என்ற இணையக் கடையில்தான் வாங்க வேண்டும். அந்த ஸ்டோருக்கு நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் இலங்கை இல்லை. அதனால் இங்கே எல்லாரும் வேறொரு நாட்டின் பெயரில்தான் கணக்குத் திறக்கிறார்கள். திறந்த பிறகு நாட்டை மாற்ற முடியாது, காசு போடும் கார்டும் அதே நாட்டுக் கார்டாகவே இருக்க வேண்டும். டிஜிட்டல் எடுத்தால் ஒவ்வொரு கேமுக்கும் இந்த அலைச்சல்தான். வாங்கியதை விற்கவும் முடியாது. டிஸ்க் என்றால் முடித்துவிட்டுக் கூட்டாளியிடம் மாற்றலாம், பழைய பிஎஸ்4 டிஸ்க்கும் ஓடும். அவனுடைய வகுப்பில் நாலு பேரிடம் டிஸ்க் இருக்கிறதாம். அப்போ அவனுடைய நூலகம் அந்த நாலு வீட்டிலும் இருக்கிறது, ஸ்டோரில் இல்லை.

அப்புறம் மாதச் செலவு. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமை இணையத்தில் விளையாடச் சந்தா தேவையில்லை. எஃப்சி கால்பந்து கேம் மாதிரிக் காசு கொடுத்து வாங்கும் கேமில் இணையத்தில் மோத வேண்டுமென்றால் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டியே ஆக வேண்டும். அமெரிக்க விலையில் அடிப்படை ஆண்டுச் சந்தா 2023 செப்டம்பரில் 60 டொலரிலிருந்து 80 டொலருக்கு ஏறியது. நிறுத்தினால் சந்தாவோடு வந்த கேம்களும் பூட்டிக்கொள்ளும். கரண்டையும் மறக்கக்கூடாது. பெரிய கேம் ஓடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் மாதம் 12 அலகு. அக்கா வீட்டு பில் வழக்கமாக 85 அலகு. 90 தாண்டினால் அடுத்த படி விலை, அதுதான் வலிக்கும்.

இரண்டாவது கொன்ட்ரோலரைப் பாவித்ததாக எடுத்தோம். பிஎஸ்4 கொன்ட்ரோலர் மலிவு, ஆனால் பிஎஸ்5 கேமுக்கு உதவாது. வாங்குமுன் ஒரு கேமைப் போட்டு, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். யாரும் தொடாமலே பார்வை ஒரு பக்கம் நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது.

வீட்டில் பொருத்தியதும் அக்காவின் பெயரில் பெரியவர் கணக்கு, அதற்குக் கீழே அவனுக்குப் பிள்ளைக் கணக்கு. வயதுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. எஃப்சி 25 பெட்டியில் ஐரோப்பிய வயது முத்திரை 3 தான், ஆனால் உள்ளே காசுக்கு வீரர் பக்கற் விற்கிறார்கள். அதைத் தடுப்பது மாதச் செலவு வரம்பு. அதைச் சுழியத்தில் வைத்தேன்.

பலர் விடும் ஓட்டை வேறு. பிள்ளை புதுசாக இன்னொரு பயனரைத் திறந்தால், அவன் கணக்குக்குப் போட்ட வரம்பு அங்கே வராது. Family and Parental Controls உள்ளே PS5 Console Restrictions என்று இருக்கும். அங்கே புதுப் பயனரையும் விருந்தாளியையும் தடுக்கலாம். உள்ளே போகக் கேட்கும் கடவு எண் ஆரம்பத்தில் 0000. அதை மாற்றாவிட்டால் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

நேற்று அக்கா ஃபோன் எடுத்தாள். “தம்பி, இவன் 0000 அடிச்சுப் பாத்திருக்கிறான்.”