"குறிப்புல இருக்கே" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

"அதெல்லாம் அடிக்குறிப்புலயே இருக்கேம்மா, படிக்கலையா?"

தன் கட்டுரையைச் செம்மையாக்க என்னிடம் கொடுத்த ஒரு பேராசிரியர் நேற்று ராத்திரி போனில் கேட்டது இது. படித்தேன் சார். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். படித்ததால்தான் இன்னும் கொதிக்கிறது.

வட்டார வரலாற்றுத் தொகுப்பு எதையாவது செம்மையாக்கியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பத்தி நாலே வரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. சொல்ல வேண்டியது எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் கிடக்கும். நேற்று வந்த பத்தியை அப்படியே தருகிறேன். பகர அடைப்பில் இருப்பவை குறிப்பு எண்கள்.

"1820களில் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார்.[1] அதற்கு முன் இம்மலை ஆளரவமற்றுக் கிடந்தது.[2] பின்னர் மலையாளிகள்[3] காப்பித் தோட்டங்களின் கூலிகளாயினர்.[4] விதை எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.[5]"

இதைக் குறிப்பைப் பார்க்காமல் படியுங்கள். என்ன புரிகிறது? மலை காலியாகக் கிடந்தது. வெள்ளைக்காரர் வந்து காப்பி போட்டார். அப்புறம் கேரளத்திலிருந்து ஆட்கள் வந்து கூலி வேலை செய்தார்கள். சேலத்தையே பார்க்காத ஒரு வாசகர் இப்படித்தான் படிப்பார். அவர் மேல் தப்பே கிடையாது. எழுதியிருப்பது அதுதான்.

இப்போது இரண்டாம் குறிப்புக்கு இறங்குங்கள். "ஆங்கிலேயர் தோட்டம் எனக் கருதிய நிரந்தரச் சாகுபடி இல்லை என்ற பொருளில். மலையாளிகள் நெடுங்காலமாக இங்கு சாமையும் ராகியும் விளைவித்துவந்தனர்." மூன்றாம் குறிப்பு: "கேரளத்தவர் அல்லர். சேர்வராயன் மலையின் தமிழ் பேசும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பது அவர்களது வழக்கு."

மேலே ஆளே இல்லை என்று எழுதிவிட்டுக் கீழே ஆள் இருந்தார்கள் என்று எழுதினால் அது என்ன ஆராய்ச்சி? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே மறைத்திருப்பது ஒரு மலை முழுக்க இருந்த மனிதர்களை.

எங்கள் அச்சகத்தில் டிடிபி போடும் தம்பி ஏற்காட்டுக்கு மேலே ஒரு ஊர். பத்தியை அவன்தான் திரையில் பார்த்துப் படித்தான். இரண்டாம் வரியில் நின்றுவிட்டான். "யாருமே இல்லைன்னா எங்க தாத்தன் பாட்டன் எல்லாம் எங்கக்கா இருந்தாங்களாம்?" என்று கேட்டான். கீழே ரெண்டாவது குறிப்பைப் பாருப்பா என்று அவனிடம் நான் சொல்ல வேண்டுமா? அவன் குடும்பம் ஏன் எட்டுப் புள்ளி எழுத்தில் இருக்க வேண்டும்? இதைப் பேராசிரியரிடம் சொன்னபோதுதான் அந்தப் பதில். "குறிப்புல இருக்கேம்மா."

நாளைக்கு ஏதாவது ஒரு நாளிதழ் இணைப்பு இந்தப் பத்தியை எடுத்துப் போடும். எண்களை உதிர்த்துவிட்டுத்தான் போடும். வாட்ஸ்அப்பில் யாராவது படம் பிடித்து அனுப்புவார்கள், கோட்டுக்கு மேலே மட்டும் வெட்டி. அடிக்குறிப்பு பத்தியோடு கூடவே பயணம் போகாது. தனியாகப் போகும்போது பொய்யாகிவிடும் வாக்கியத்தைப் பத்தியில் விடவே கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான்.

இதற்கு ஒன்றும் பெரிய வித்தை வேண்டாம். பக்கத்தின் கீழ்ப்பாதியைக் கையால் மூடிவிட்டு மேலே இருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குறிப்பையும் திறந்து, இது இல்லாவிட்டால் மேலே உள்ள வாக்கியம் தப்பாகிவிடுமா என்று கேட்க வேண்டும். தப்பாகிவிடும் என்றால் அந்தச் செய்தி மேலே ஏறியே ஆக வேண்டும். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே புரியாமல் போகும் என்றாலும் ஏற வேண்டும். எந்த நூல், எந்த ஆவணம் என்று மட்டும் சொல்கிற குறிப்பு கீழேயே நிம்மதியாக இருக்கலாம், அதன் வேலையே அதுதான். ஐந்தாம் குறிப்பு இன்னொரு ஆய்வாளரோடு போட்ட சண்டை. காப்பி விதை எந்தக் கப்பலில் வந்தது என்று பதினொரு வரி. இந்தப் பத்தி சொல்ல வந்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வரியோடு சேர்த்து எடுத்துவிட்டேன். வேண்டுமானால் அதைத் தனிக் கட்டுரையாக எழுதட்டும்.

ஆனால் மேலே ஏற்றுவது என்றால் குறிப்பை வெட்டி வாக்கியத்துக்குப் பின்னால் ஒட்டுவது இல்லை. நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அப்படி ஒட்டினால் "ஆளரவமற்றுக் கிடந்தது. மலையாளிகள் இங்கு விளைவித்துவந்தனர்" என்று வரும். ஒரு மூச்சில் இல்லை என்றும் அடுத்த மூச்சில் உண்டு என்றும் சொல்வதா? குறிப்பு மேலே வந்தால் பழைய வாக்கியம் செத்தாக வேண்டும். அதற்கு மனசு வராமல்தான் குறிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். வாக்கியம் அழகாக இருக்கிறதாம். "ஆளரவமற்று" என்ற சொல்லை விட மனசில்லை. உண்மை கீழே போனாலும் பரவாயில்லை, சொல் மேலே இருக்க வேண்டும்!

முதல் குறிப்பு இன்னும் கொடுமை. "காக்பர்ன் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர்." அதற்குப் பிறகு 1918-இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியரைப் பேராசிரியர் காட்டுகிறார். நூல் பெயர் கீழே இருப்பது சரி. கலெக்டர் என்பது எப்படிக் கீழே போகும்? அந்தக் காலத்துக் கலெக்டர் என்றால் நிலவரி வசூலுக்கே தலைவர். யார் நிலம், எவ்வளவு தீர்வை என்பதெல்லாம் அவர் கையில். அவரே மலையில் காப்பியைக் கொண்டுவந்து நடுகிறார். கட்டுரை முழுக்க நில உரிமையைப் பற்றி. அதன் முதுகெலும்பே இந்த ஒரு சொல்தான். அதைக் கொண்டுபோய்ப் பிறந்த தேதி எழுதுகிற இடத்தில் வைத்திருக்கிறார். மேலே வாசகருக்குக் காக்பர்ன் யாரோ ஒரு தோட்டக்காரர்.

நாலாம் குறிப்பு: "மேற்படி நூல். எல்லோரும் அல்லர், சொந்த நிலத்தில் பழைய பயிரைத் தொடர்ந்தோரும் உண்டு." பத்தியில் "மலையாளிகள் கூலிகளாயினர்" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட்டு, "எல்லோரும் அல்லர்" என்பதைக் கீழே வைப்பது ஒதுங்கிக்கொள்வதற்கு. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால், நான்தான் சொல்லியிருக்கிறேனே என்று காட்ட. வரம்பு வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்காக நானாக "பெரும்பாலோர்" என்று போட முடியாது. எவ்வளவு பேர் என்று குறிப்பு சொல்லவில்லை. "சிலர்" என்று போட்டுவிட்டு, இது சரியா சார் என்று அவரிடம் கேட்டேன். செம்மையாக்குகிறவர் கை தவறும் இடம் இதுதான். மேலே ஏற்றும்போது தயக்கம் உறுதியாக மாறிவிடும், எழுதியவருக்கே தெரியாது.

அந்த "மேற்படி நூல்" இருக்கிறதே, அது கண்ணிவெடி. மூன்றாம் குறிப்பில் 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு இருந்தது. நாலாம் குறிப்பின் "மேற்படி" அதைத்தான் சுட்டுகிறது. பத்தியை நான் மாற்றி எழுதியதும் மலையாளிகளைப் பற்றிய செய்தி முதலில் வந்துவிட்டது, காக்பர்ன் இரண்டாவதாகப் போனார். அப்போது "மேற்படி" என்பது யாரைப் பிடித்துக்கொள்ளும்? தனக்கு நேர் முன்னால் நிற்கும் 1918 கெசட்டியரை. வாசகர் நூலகத்தில் தப்பான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் ஒரு வரியை நகர்த்தும் முன்பே எல்லா "மேற்படி"களையும் முழு நூற்பெயராக விரித்துவிட வேண்டும். வேர்டு கோப்பில் இன்னொன்றும் உண்டு. பத்தியில் இருக்கும் எண்ணை அழித்தால் கீழே குறிப்பும் சேர்ந்தே போய்விடும். முதலில் குறிப்பின் வாசகத்தை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் எண்ணில் கை வைக்க வேண்டும்.

இதெல்லாம் செய்து முடித்தால் பத்தி இப்படி வந்தது:

"காப்பி வருவதற்கு நெடுங்காலம் முன்பே சேர்வராயன் மலையில் மக்கள் வாழ்ந்தார்கள். மலையாளிகள் எனப்படும் இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே சாமையும் ராகியும் விளைவித்துவந்தார்கள்.[1] இந்த மலைக்கு 1820களில் காப்பியைக் கொண்டுவந்தவர் காக்பர்ன். அவர் அப்போது சேலத்தின் கலெக்டர். மாவட்டத்தின் நிலவரி நிர்வாகமே அவர் பொறுப்பில் இருந்தது.[2] பின்னர் மலையாளிகளில் சிலர் காப்பித் தோட்டங்களில் கூலிகளானார்கள். சொந்த நிலத்தில் பழைய பயிரைத் தொடர்ந்தவர்களும் இருந்தார்கள்.[3]"

கீழே மூன்று குறிப்பு, மூன்றும் நூற்பெயர் மட்டும். கலெக்டர் பொறுப்பில் என்ன இருந்தது என்ற ஒரு வரியைத் தவிர ஒரு செய்தியும் நான் சேர்க்கவில்லை. மற்றதெல்லாம் அவர் எழுதியதுதான். அவர் ஒளித்து வைத்ததை வெளியே எடுத்து வைத்தேன், அவ்வளவே. டிடிபி தம்பி இதைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுத்த பத்திக்குப் போனான்.

பேராசிரியர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பத்தி ரொம்ப நீளமாயிருச்சேம்மா. பழையபடி கொஞ்சம் குறிப்புக்குத் தள்ளிரலாமே?" பத்தி நீண்டது, பக்கம் பாதியாகக் குறைந்தது. அதை ஏன் சார் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்? நீளம் உறுத்தினால் காக்பர்ன் வரும் இடத்தில் உடைத்து இரண்டு பத்தி ஆக்குங்கள். கீழே தள்ள நான் விடமாட்டேன். இந்தத் தொகுப்பில் இன்னும் பல கட்டுரை பாக்கி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இதே சண்டையைப் போடுவேன்.