தைப்பூசத்துக்கு மொரீசியஸ் வருகிறீர்களா? பால் செம்பைப் பார்த்து நடங்கள்

தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "குவாட்ர் போர்ன் மலைக்கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" கோர் த கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், கோயிலில் போய்க் காத்திருக்காதீர்கள். ஊர்வலத்தோடு சேர்ந்து நடந்து வாருங்கள்.

கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதமிருந்தவர்கள், காலையில் ஆற்றங்கரையில் குளித்து, அலகு குத்தி, செம்பில் பால் கட்டிக் காவடி எடுப்பார்கள். சந்நிதியில் இறக்கும்வரை அந்தப் பால் திரியக்கூடாது என்பது நம்பிக்கை. இது தை மாதம், எங்களுக்குக் கோடை உச்சம். அதனால் காவடிக்காரருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கோயில் படிக்கட்டில் செல்ஃபிக்காக நாலு பேர் நின்றால், பின்னால் வரும் வரிசை முழுக்க வெயிலில் நிற்கும்.

போன தடவை என் சித்தி மகன் காவடியோடு படியேறும்போது ஒரு விருந்தாளி குறுக்கே வந்து ஃபோனை நீட்டினார். தம்பிக்கு நாக்கில் வேல். வாயைத் திறந்து "நகருங்க" என்று சொல்ல முடியாது. தோளில் காவடி இருந்தால் சட்டென்று ஒதுங்கவும் முடியாது. கூட வந்த மாமாதான் கையைப் பிடித்து அவரை ஓரம் கட்டினார். படம் எடுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். பக்கவாட்டில் நின்று எடுங்கள். முதுகில் எலுமிச்சம்பழம் கோத்திருப்பவர்களிடம் கையெட்டும் தூரம் விட்டு நில்லுங்கள். லேசாக உரசினாலே கொக்கி இழுபடும்.

உடை? இங்கே காவடிக்காரர்களுக்கு அடர் ரோஸ் நிறம் அடையாளம். நீங்களும் அதையே உடுத்த வேண்டுமென்று இல்லை. வேட்டியோ சேலையோ பருத்தியில் இருந்தால் போதும், பட்டில் வெந்துபோவீர்கள். அரைக்கால் சட்டை வேண்டாம். தோல் பெல்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அன்று அசைவம் வேண்டாம், முட்டையும்தான்.

வெறுங்காலோடு நடந்தால் தார்ச்சாலை சுடும். தண்ணீர் தெளித்திருக்கும் இடமாகப் பார்த்துக் காலை வையுங்கள். முடியாதவர்கள் செருப்போடு ஓரமாக நடக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். காவடி வரிசைக்குள் மட்டும் செருப்போடு நுழையாதீர்கள்.

கிளம்பும் நேரம் கோயிலுக்குக் கோயில் மாறும். முதல்நாளே கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். காரை எடுத்து வந்தால் அடைத்த சாலையில் மாட்டிக்கொள்வீர்கள். புயல் காலமும் இதுதான், அதனால் காலையில் வானிலை அறிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

பால் அபிஷேகம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு உண்டு. பந்திக்கு முதலில் விரதக்காரர்களை விடுங்கள், பத்து நாள் பசி அவர்களுக்கு.